அழிக்கத் தெரிந்த புரோகிராம்

கணித மேதை கவுஸுக்கே கணக்குத் தப்பிய புதிர் இது. 1848-இல் மாக்ஸ் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் செஸ் ஆட்டக்காரர் ஒரு செஸ் இதழில் இதை வெளியிட்டார். எட்டுக்கு எட்டுச் செஸ் பலகையில் எட்டு ராணிகளை வைக்க வேண்டும். எந்த ராணியும் இன்னொரு ராணியை வெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இப்படி எத்தனை விதமாக வைக்கலாம்? 1850-இல் கவுஸ் தன் வானியல் நண்பர் ஷூமாக்கருக்கு எழுதிய கடிதங்களில் முதலில் 76 என்றார். பிறகு அதில் நான்கு தவறு என்று கண்டு 72 ஆக்கினார். அதே ஆண்டில் பிரான்ஸ் நௌக் என்பவர் லைப்சிக் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் 92 என்று விடை தந்தார். அதுதான் சரி.

இன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர்களுக்கு அல்காரிதம் பாடத்தில் இதே புதிர் அசைன்மென்டாக வருகிறது. பெரும்பாலும் அதன் கூடவே சுடோகுவும் வரும். இரண்டையும் ‘பேக்டிராக்கிங்’ முறையில் தீர்க்கச் சொல்வார்கள். முப்பது நாற்பது வரியில் எழுதிவிடலாம். கவுஸைத் தடுமாற வைத்த 92-ஐக் கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணித் தந்துவிடும். ஆனால் அந்த முப்பது வரியில் பிழை வரும் இடங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. வைத்ததைத் திரும்ப எடுப்பது என்ற அந்த ஒரு செயல்தான் அது.

முதலில், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் முயன்றால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 64 கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க 442 கோடியே 61 லட்சத்து 65 ஆயிரத்து 368 வழிகள் உண்டு. ஒரு வரிசைக்கு ஒரு ராணிதான் என்று தெரிந்த பிறகு அது 1,67,77,216 ஆகக் குறைகிறது. மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு நிரலிலும் ஒன்றுதான் என்பதையும் சேர்த்தால் 40,320. இவை எல்லாம் எட்டு ராணிகளையும் வைத்து முடித்த பிறகு சரிபார்க்கும் முறைகள். பேக்டிராக்கிங் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. ஒரு ராணியை வைத்தவுடனே கேட்டுவிடுகிறது: இதற்கு முன்னால் வைத்தவற்றோடு இது மோதுகிறதா? மோதினால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை அமைப்புகளும் பார்க்கப்படாமலே போய்விடும்.

நான்கு ராணிப் பலகையில் இதைக் கையாலேயே நடத்திப் பார்க்கலாம். காகிதத்தில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டுக்கொண்டால் போதும்.

முதல் வரிசையில் முதல் கட்டத்தில் ராணியை வைக்கிறோம். இரண்டாம் வரிசையில் முதல் கட்டம் அதே நிரல், இரண்டாவது மூலைவிட்டம். எனவே மூன்றாவதில் வைக்கிறோம். மூன்றாம் வரிசைக்கு வந்தால் ஒரு கட்டமும் கிடைக்கவில்லை. இரண்டும் நான்கும் இரண்டாம் ராணியின் மூலைவிட்டத்தில் இருக்கின்றன, ஒன்றும் மூன்றும் நிரலில் அடிபடுகின்றன. முட்டுச்சந்து. இரண்டாம் ராணியை எடுத்து நான்காம் கட்டத்துக்கு மாற்றுகிறோம். இப்போது மூன்றாம் வரிசையில் இரண்டாவது கட்டம் கிடைக்கிறது. அங்கே வைத்தால் நான்காம் வரிசையில் இடமில்லை. மூன்றாம் ராணியை எடுக்கிறோம். அந்த வரிசையில் அதற்கு வேறு இடமும் இல்லை. இரண்டாம் ராணியையும் எடுக்கிறோம்; நான்காம் கட்டத்துக்கு அப்பால் கட்டம் ஏது? கடைசியில் முதல் ராணியே பெயர்கிறது.

அதை இரண்டாம் கட்டத்தில் வைத்ததும் எல்லாம் தானாக விழுகிறது. இரண்டாம் வரிசையில் நான்கு மட்டுமே சரி, மூன்றாம் வரிசையில் ஒன்று, நான்காம் வரிசையில் மூன்று. விடை 2, 4, 1, 3. மொத்தம் எட்டு முறை ராணியை வைத்தோம், நான்கு முறை எடுத்தோம். இதை நிலைக்கண்ணாடியில் பார்த்தால் வரும் 3, 1, 4, 2 தான் மிச்சமுள்ள ஒரே விடை.

எட்டு ராணிக்கும் இதே ஆட்டம்தான். இடமிருந்து வலமாக வரிசையாக முயன்றால் முதல் விடை 1, 5, 8, 6, 3, 7, 2, 4 என்று வரும். அதற்குள் 113 முறை ராணி வைக்கப்பட்டு, 105 முறை எடுக்கப்பட்டிருக்கும். 92 விடைகளையும் கண்டுபிடிக்க ஆகும் மொத்த வைப்புகள் 2,056. நாற்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு.

அந்த 2,056 எப்படிப் பிரிகிறது என்பது இன்னும் சுவையானது. ஒரு ராணி மட்டும் இருக்கும் அமைப்புகள் 8. இரண்டு ராணிகள் மோதாமல் இருப்பவை 42. அப்புறம் 140, 344, 568, 550, 312, கடைசியில் 92. ஐந்தாம் வரிசையில்தான் கூட்டம் உச்சத்தைத் தொடுகிறது. தொடக்கத்தில் ராணிகள் குறைவு, அதனால் எங்கும் வைக்கலாம். போகப் போகப் பலகை நெருக்கமாகி, நுழைந்த பாதைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. கம்ப்யூட்டரின் உழைப்பில் பெரும்பகுதி நடு வரிசைகளில் கரைகிறது. விடையாக மாறப்போகும் அமைப்பையும் மாறாத அமைப்பையும் அங்கே பிரித்தறிய முடியாது.

இந்த அசைன்மென்டைத் திருத்துபவர்கள் 92 என்ற எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாமல், இந்த எட்டு எண்களையும் அச்சிடச் சொன்னால் நல்லது. 92-ஐ இணையத்திலிருந்து எடுத்து எழுதிவிடலாம். 344-ஐப் புரோகிராம் உண்மையாக ஓடினால்தான் பெற முடியும்.

முறை பழையது. ‘பேக்டிராக்’ என்ற பெயரை 1950-களில் அமெரிக்கக் கணித அறிஞர் டெரிக் லேமர் சூட்டியதாகச் சொல்வார்கள். 1971-இல் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த்தும், அடுத்த ஆண்டு டைக்ஸ்ட்ராவும், புரோகிராம் எழுதுவதை எப்படிப் படிப்படியாகக் கற்றுத்தருவது என்பதை விளக்க எட்டு ராணிகளைத்தான் கையிலெடுத்தார்கள். அதிலிருந்து அது பாடப்புத்தகங்களை விட்டு வெளியேறவே இல்லை.

சுடோகு அப்படியல்ல, பிள்ளைப் பருவம். ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கி 1979-இல் ஒரு புதிர் இதழில் வந்தது. 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு பெயர் வைத்தது. 2004 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் வந்த பிறகு உலகத்தையே பிடித்துக்கொண்டது. விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒவ்வொரு வரிசையிலும், நிரலிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை மட்டும் வர வேண்டும்.

அசைன்மென்டில் எழுதப்படும் சுடோகுப் புரோகிராமின் இதயம் இவ்வளவுதான்:

```python
def solve(board):
    cell = find_empty(board)
    if cell is None:
        return True
    r, c = cell
    for d in range(1, 10):
        if ok(board, r, c, d):
            board[r][c] = d
            if solve(board):
                return True
            board[r][c] = 0
    return False
```

காலிக் கட்டத்தைத் தேடு. காலி இல்லையென்றால் முடிந்தது. இருந்தால் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார். பொருந்தினால் எழுதிவிட்டு, மிச்சப் பலகையைத் தீர்க்கும் வேலையை இதே செயல்பாட்டிடமே ஒப்படை. அது முடியாது என்று திரும்பி வந்தால் எழுதியதை அழித்து அடுத்த எண்ணை முயற்சி செய். ஒன்பதும் தோற்றால், தப்பு இங்கே இல்லை, முன்னால் எங்கோ இருக்கிறது; ‘முடியாது’ என்று மேலே சொல். கடைசிக்கு மேல் இருக்கும் `board[r][c] = 0` தான் அழிக்கும் வரி.

கீழே உள்ள புதிரில் அந்த வரியின் வேலையைப் பார்க்கலாம். புள்ளிகள் காலிக் கட்டங்கள்.

```
5 3 . | . 7 . | . . .
6 . . | 1 9 5 | . . .
. 9 8 | . . . | . 6 .
------+-------+------
8 . . | . 6 . | . . 3
4 . . | 8 . 3 | . . 1
7 . . | . 2 . | . . 6
------+-------+------
. 6 . | . . . | 2 8 .
. . . | 4 1 9 | . . 5
. . . | . 8 . | . 7 9
```

30 எண்கள் தரப்பட்டிருக்கின்றன, 51 காலி. புரோகிராம் முதல் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் தொடங்குகிறது. அங்கே 1, 2, 4 மூன்றும் பொருந்தும். சிறியதான 1-ஐ எழுதுகிறது. நான்காம் கட்டத்தில் 2, ஆறாவதில் 4, ஏழாவதில் 8. எட்டாவதில் 9 மட்டுமே பொருந்துகிறது, எழுதுகிறது. ஒன்பதாவதற்கு மிச்சம் 6 தான்; அதே பெட்டியில் கீழே ஏற்கெனவே 6 உட்கார்ந்திருக்கிறது. முட்டுச்சந்து. எட்டாம் கட்டத்தின் 9 அழிகிறது, ஏழாம் கட்டத்தின் 8 அழிந்து 9 ஆகிறது. இப்போது எட்டாவதற்கு மிச்சம் 6-உம் 8-உம். இரண்டுமே அந்த நிரலில் இருக்கின்றன. மறுபடி பின்வாங்கல். ஆறாம் கட்டத்தில் 4 போய் 6 வருகிறது. அதன் பிறகு 4, 9, 8 என்று எளிதாக நிரம்பி, முதல் வரிசை 5 3 1 2 7 6 4 9 8 என்று முழுமையடைகிறது.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுத் தவறு. இந்தப் புதிரின் சரியான முதல் வரிசை 5 3 4 6 7 8 9 1 2. முதலில் எழுதிய 1 அங்கே வரவே கூடாது. புரோகிராமுக்கு அது தெரியாது. விதி எதுவும் மீறப்படாததால் இரண்டாம் வரிசைக்கு நகர்கிறது. கீழே எங்கெங்கோ முட்டி, திரும்பி, கடைசியில் அந்த 1-க்கே வந்து அழிக்கும்வரை செய்யும் வேலையெல்லாம் வீண். பேக்டிராக்கிங்கின் பெரிய செலவே இதுதான். தவறு நடந்த இடமும் அது தெரியவரும் இடமும் வெகு தூரத்தில் இருக்கின்றன.

இப்போது அழிக்கும் வரியை மாணவர் எழுத மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் கட்டத்தில் எழுதிய 9 அழியாமல் அங்கேயே கிடக்கும. ஏழாம் கட்டத்துக்குத் திரும்பி 9-ஐ முயன்றால், ‘இந்த வரிசையில் 9 இருக்கிறதே’ என்று சரிபார்ப்பு மறுத்துவிடும். கைவிட்ட பாதையின் மிச்சம், புதிய பாதையை அடைக்கிறது. இப்படிப் பழைய எண்கள் குவிந்துகொண்டே போய், விடை இருக்கும் புதிருக்கே ‘விடை இல்லை’ என்று புரோகிராம் சொல்லும். அச்சிட்டுப் பார்த்தால் பலகை பாதி நிரம்பிக் கிடக்கும். விடை இல்லை என்று சொன்ன பிறகு பலகை கொடுத்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் நோய் இதுதான் என்று சந்தேகமின்றிச் சொல்லிவிடலாம்.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு பிழை ராணிப் புதிரில் வரும். மாணவர் முறையாக அழிக்கிறார். விடை கிடைத்ததும் `result.append(board)` என்று பட்டியலில் சேர்க்கிறார். ஓட்டிப் பார்த்தால் எண்ணிக்கை 92, பிரமாதம். பலகைகளை அச்சிட்டால் தொண்ணூற்றிரண்டும் வெறுமையாக இருக்கின்றன! பைத்தான் மொழியில் அந்த வரி பலகையின் நகலைச் சேர்ப்பதில்லை, அதே பலகையைச் சுட்டும் குறிப்பைத்தான் சேர்க்கிறது. 92 குறிப்புகளும் ஒரே பலகையைச் சுட்டுகின்றன. அந்தப் பலகையோ தேடல் முடிந்ததும் கடைசி ராணி வரை எடுக்கப்பட்டுக் காலியாகிவிட்டது. அழிப்பது சரியாக நடந்ததற்கான சாட்சியே இந்தப் பிழைதான் என்பது ஒரு வேடிக்கை. வரிசை வரிசையாக நகல் எடுத்துச் சேர்த்தால் சரியாகிவிடும்.

மூலைவிட்டச் சரிபார்ப்பு இன்னொரு வழக்கமான சறுக்கல். ஒரு திசை மூலைவிட்டத்தில் வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் கூட்டினால் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே தொகை வரும். மறு திசையில் கழித்தால் ஒரே எண் வரும். ஒன்றை மட்டும் எழுதி மற்றதை மறந்தால் 92-க்குப் பதில் மிகப் பெரிய எண் வரும். இதைப் பிடிக்க எட்டு வரை போக வேண்டியதில்லை. ராணிகள் 2, 3 என்றால் விடை 0. நான்குக்கு 2, ஐந்துக்கு 10, ஆறுக்கு 4, ஏழுக்கு 40. ஐந்தை விட ஆறுக்குக் குறைவு என்பதால், ‘எண் கூடிக்கொண்டே போகிறது, சரியாகத்தான் இருக்கும்’ என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

பிழைகள் போகட்டும். சரியாக ஓடும் புரோகிராமிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: எந்தக் கட்டத்தில் தொடங்குவது?

மேலே உள்ள சுடோகுவில் புரோகிராம் மேல் இடது மூலையிலிருந்து வரிசையாகப் போனது. மனிதர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார். பலகையின் நட்டநடுக் கட்டத்தைப் பாருங்கள். அதன் வரிசையில் 4, 8, 3, 1 இருக்கின்றன. நிரலில் 7, 9, 6, 2, 1, 8. எல்லாவற்றையும் விலக்கினால் 5 மட்டுமே மிஞ்சுகிறது. அங்கே ஊகத்துக்கே வேலையில்லை. 5-ஐ எழுதியதும் அந்தப் பெட்டியின் கீழ் இடது மூலையில், அதாவது ஆறாம் வரிசை நான்காம் நிரலில், 9 மட்டுமே பொருந்தும். அது வந்ததும் அதே நிரலில் நான்காம் வரிசைக் கட்டத்துக்கு 7 தவிர வேறு வழியில்லை. ஒன்று இன்னொன்றைத் திறந்துவிடுகிறது.

ஆகவே `find_empty` முதலில் கண்ணில் படும் காலிக் கட்டத்தைத் தராமல், மிகக் குறைந்த எண்கள் பொருந்தும் கட்டத்தைத் தேடித் தந்தால் போதும். மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம். ஒரே ஒரு எண் பொருந்தும் கட்டம் இருந்தால் ஊகமே தேவையில்லை. எதுவுமே பொருந்தாத கட்டம் இருந்தால், முன்னால் தவறிவிட்டோம் என்று உடனே தெரிந்துவிடும். வரிசைப்படி அதை அடையும்வரை காத்திருக்க வேண்டாம். தவறு நடந்த இடத்துக்கும் தெரியவரும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் எல்லாக் காலிக் கட்டங்களையும் எண்ணிப் பார்ப்பதால் ஒரு அடிக்கு ஆகும் வேலை கூடும்தான். ஆனால் கடினமான புதிர்களில் அடிகளின் எண்ணிக்கை குறைவது அதைவிடப் பல மடங்கு பெரிது.

வரிசைப்படி போகும் புரோகிராமை வதைப்பதற்கென்றே அமைத்த ஒரு சுடோகு உண்டு. 17 எண்கள் மட்டும் தரப்பட்டு, மேல் வரிசை முழுதும் காலி. அதன் விடையோ 9 8 7 6 5 4 3 2 1. ஒன்றிலிருந்து தொடங்கும் புரோகிராம் முதல் கட்டத்தில் 9-க்கு வருவதற்குள் மற்ற எட்டு எண்களின் கீழுள்ள அத்தனை வழிகளையும் தீர்த்துக்கட்ட வேண்டியிருக்கும். எண்களை ஒன்பதிலிருந்து இறங்குமுகமாக முயன்றால் இந்த வலையிலிருந்து தப்பிவிடலாம். ஆனால் அப்போது அதற்கு நேர்மாறான வலையை இன்னொருவர் விரிக்கலாமே.

ராணிப் புதிரிலும் இந்த வரிசையின் குருட்டு அதிர்ஷ்டத்தைக் காணலாம். முதல் கட்டத்திலிருந்து தொடங்கும் எளிய புரோகிராம், முதல் விடையை அடைய எத்தனை முறை ராணி வைக்கிறது? 19 ராணிகளுக்கு 2,545. 20 ராணிகளுக்கு 1,99,635. அப்படியானால் 21-க்கு இன்னும் எகிற வேண்டும் அல்லவா? வெறும் 8,562 தான். 20-இல் முதல் விடை தேடல் வரிசையின் வெகு தூரத்தில் ஒளிந்திருக்கிறது, 21-இல் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் ஒரே ஒரு அளவில் நேரத்தை அளந்துவிட்டு ‘என் புரோகிராம் வேகமானது’ என்று அறிக்கையில் எழுதுவதில் பொருளில்லை. விடைகள் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னால் இந்த அதிர்ஷ்டம் மறைந்துவிடும். அப்போது ராணி கூடக் கூட வேலையும் கூடிக்கொண்டேதான் போகும்.

எல்லாவற்றையும் எண்ணுவது சுடோகுவிலும் பயன்படுகிறது, வேறு காரணத்துக்காக. பத்திரிகையில் வரும் சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய, மேலே உள்ள செயல்பாட்டில் விடை கிடைத்ததும் `return True` என்று நிற்காமல், எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு, எழுதியதை அழித்து, தேடலைத் தொடர வேண்டும். இரண்டாவது விடை கிடைத்ததுமே நிறுத்திவிடலாம், மூன்றாவது தேவையில்லை. புதிர் தயாரிப்பவர்கள் நிரம்பிய பலகையிலிருந்து ஒவ்வொரு எண்ணாக நீக்கி, ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையை ஓட்டுகிறார்கள். விடை இரண்டாகப் பிரிந்தால் நீக்கிய எண்ணைத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

இப்படி எவ்வளவு நீக்கலாம்? 17 எண்களோடு ஒரே விடை உள்ள புதிர்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருந்தன. 16-இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டப்ளினில் கேரி மக்குவயரின் குழு, ஒன்றையொன்று திருப்பியும் எண்களை மாற்றியும் பெற முடியாத 547 கோடிக்கும் மேற்பட்ட முழுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேடியது. சுமார் 70 லட்சம் பிராசஸர்-மணி நேரம் ஓடிய பிறகு, 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விடையை அறிவித்தது: 16 எண் சுடோகு இல்லவே இல்லை.